பங்கு 6% நகர்ந்தும் ஸ்ட்ராடில் ஏன் நஷ்டம்? வேகாவைப் புரிந்துகொள்வோம்

ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவுகள் இன்று மாலை வெளியாகப் போகின்றன. பங்கு எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது, ஆனால் எங்கேயாவது பாயும் என்று நினைக்கிறீர்கள். அதனால் ஒரே ஸ்ட்ரைக்கில், அதாவது முன்பே குறித்த ஒரே விலையில், பங்கை வாங்கும் உரிமையான ஒரு கால் ஆப்ஷனையும் விற்கும் உரிமையான ஒரு புட் ஆப்ஷனையும் சேர்த்து வாங்குகிறீர்கள். இதுதான் லாங் ஸ்ட்ராடில். மறுநாள் காலை பங்கு 6% மேலே திறக்கிறது. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் ஆப்ஷன் விலைகளைப் பார்த்தால் போட்ட பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

ஸ்ட்ராடிலில் புதிதாக இறங்கும் பலரும் முதலில் அடிபடுவது இந்த இடத்தில்தான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அன்று ஆப்ஷன் செயினைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன். விலை ஏதோ தவறாகக் காட்டுகிறது என்றே நம்பினேன். தவறு எதுவும் இல்லை. என் கணக்கில் வேகா என்ற ஒன்று விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் ஆப்ஷன் விலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பங்கு விலை, ஸ்ட்ரைக், ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரிக்கு மிச்சமுள்ள நாட்கள், வட்டி, டிவிடெண்ட் இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த எண்கள். தெரியாதது ஒன்றே ஒன்று. எக்ஸ்பைரி வரை இந்தப் பங்கு எவ்வளவு ஆடும்? அதற்கு யாரிடமும் விடை இல்லை. ஆனால் ஆப்ஷனை வாங்குபவரும் விற்பவரும் ஒரு விலைக்கு ஒத்துப்போகிறார்கள் அல்லவா? அந்த விலையைச் சூத்திரத்தில் போட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அவர்கள் எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்த்து அந்த விலைக்கு வந்தார்கள் என்பது ஒரு சதவீதமாகக் கிடைக்கும். அதுதான் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி, சுருக்கமாக ஐவி. ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் எண் இது. பங்கு இதுவரை எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு. ஐவி என்பது இனிமேல் ஆடப்போகும் ஆட்டத்துக்குச் சந்தை வைத்திருக்கும் விலை.

இந்த ஐவி ஒரு புள்ளி மாறினால், அதாவது 40% என்பது 41% ஆனால், ஆப்ஷனின் விலை எவ்வளவு மாறும் என்பதைச் சொல்லும் எண்தான் வேகா. டெல்டா, காமா, தீட்டா எல்லாம் கிரேக்க எழுத்துகள். வேகா என்ற பெயரில் கிரேக்க எழுத்து கிடையாது, ஆனாலும் அந்தக் குடும்பத்தோடே சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆப்ஷனை நீங்கள் வாங்கியிருந்தால், அது காலோ புட்டோ, வேகா உங்களுக்குக் கூட்டல் கணக்கு. ஐவி ஏறினால் இரண்டின் விலையும் ஏறும், இறங்கினால் இரண்டும் இறங்கும்.

ஸ்ட்ராடிலில் சிக்கல் பிறப்பதும் இதனால்தான். பங்கு மேலே போனால் காலில் வரும் லாபம், புட்டில் வரும் நஷ்டத்தோடு கழிந்துபோகும். கீழே போனால் நேர்மாறாக. ஆனால் ஐவி மாறும்போது அப்படி எதுவும் கழிவதில்லை. இரண்டு ஆப்ஷனின் வேகாவும் ஒன்றோடொன்று கூடும். ஸ்ட்ரைக்கும் பங்கு விலையும் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் வேகா ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும், ஸ்ட்ராடிலையும் வழக்கமாக அங்கேதான் வாங்குகிறோம். திசை தெரியாமல் வாங்கும் ஆள் தன்னை அறியாமலேயே ஐவி மேல் பெரிய பந்தயம் கட்டியிருக்கிறார்.

இப்போது எண்களோடு பார்ப்போம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். வட்டியையும் டிவிடெண்டையும் சுழி என்று வைத்துக்கொண்டு, பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த விலைகள் இவை.

பங்கு விலை 100. ஸ்ட்ரைக் 100. எக்ஸ்பைரிக்கு 30 நாள். முடிவுகள் வரப்போகின்றன என்பதால் ஐவி 60% வரை ஏறியிருக்கிறது. கால் 6.85, புட்டும் 6.85. ஸ்ட்ராடிலுக்கு நீங்கள் கொடுத்தது சுமார் 13.71. இரண்டும் சேர்ந்த வேகா 0.228. அதாவது ஐவி ஒரு புள்ளி குறைந்தால் கையிலிருந்து கிட்டத்தட்ட 0.23 போகும்.

மறுநாள் பங்கு 106. எக்ஸ்பைரிக்கு 29 நாள். முடிவுகள் வந்துவிட்டதால் ஐவி 35% ஆகிவிட்டது. கால் 7.74, புட் 1.74. ஸ்ட்ராடில் 9.48. நஷ்டம் 4.23, போட்டதில் 31%.

இந்த 4.23 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஐவி 60 சதவீதத்திலேயே நின்றிருந்தால், 106 விலையில் ஸ்ட்ராடில் 14.70 ஆக இருந்திருக்கும். ஒரு நாளின் தேய்மானத்தையும் கழித்த பிறகு, 6% நகர்வு உங்களுக்குக் கொடுத்தது வெறும் 0.99 தான். அதற்குமேல் ஐவி 25 புள்ளி விழுந்ததில் 5.22 போய்விட்டது. 25-ஐ 0.228 ஆல் பெருக்கினால் 5.70 வரும். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போனதற்குக் காரணம், பங்கு 106-க்குப் போனதும் ஸ்ட்ரைக்கிலிருந்து விலகிவிட்டது, அதனால் வேகாவும் 0.22-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஐவி விழ விழ அது 0.19 வரை வந்தது. வேகா நிலையான எண் அல்ல என்பதை இங்கேயே கண்ணால் பார்க்கலாம். பங்கு ஸ்ட்ரைக்கை விட்டுத் தள்ளிப்போகும்போதும், எக்ஸ்பைரி நெருங்கும்போதும் அது சுருங்கும்.

சரி, ஐவி ஏன் ஒரே இரவில் இப்படி விழ வேண்டும்? யாரோ வேண்டுமென்றே அடித்து இறக்கியது போலத்தான் முதலில் தோன்றும். ஆனால் இது எதிர்பாராத வீழ்ச்சியே இல்லை. 60% என்பது ஒரு சராசரி. வரப்போகும் 30 நாளில் 29 நாள் சாதாரண நாட்கள், அவற்றுக்கு 35% போதும். மிச்சமிருக்கும் ஒரு நாளில் ஒரு பெரிய குலுக்கல் இருக்கிறது. அந்த ஒரு நாளின் பாரத்தை 30 நாளுக்கும் சேர்த்துப் பரப்பியதால்தான் 60% தெரிகிறது. அந்த நாள் கடந்ததும் சராசரியில் அது இருக்காது. 35% மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியானால் அந்த ஒரு நாளுக்குச் சந்தை எவ்வளவு விலை வைத்திருந்தது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமே? முடியும். ஐவிகளை நேரடியாகக் கழிக்கக்கூடாது. அவற்றின் வர்க்கத்தை நாட்களால் பெருக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்.

```
sqrt(0.60*0.60*30/365 - 0.35*0.35*29/365) = 0.141
```

அதாவது முடிவுகள் வரும் நாளுக்கு மட்டும் 14.1% திட்ட விலக்கம். சராசரியாக எவ்வளவு நகர்வு என்று வேண்டுமானால் அதைச் சுமார் 0.8 ஆல் பெருக்குங்கள், 11.2% வரும். மேலேயோ கீழேயோ 11% நகர்வுக்கான காசை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள். பங்கு நகர்ந்தது 6%. அது பெரிய நகர்வுதான், ஆனால் நீங்கள் காசு கொடுத்த அளவில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. நஷ்டம் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையிலேயே போட்ட 13.71-ஐத் திரும்ப எடுக்க வேண்டுமானால், பங்கு ஏறக்குறைய 112.5-க்கு ஏறியிருக்க வேண்டும், அல்லது 87-க்கு விழுந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் 35% என்ற எண் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்பீர்கள். முடிவு தேதி ஐவிக்குள் நுழைவதற்கு முன்னால் அந்தப் பங்கின் ஐவி வழக்கமாக எங்கே இருந்தது என்று பாருங்கள். முந்தைய காலாண்டுகளில் முடிவு வந்த மறுநாள் ஐவி எங்கே வந்து நின்றது என்பதும் நல்ல தடயம். துல்லியம் வேண்டாம், 33-ஆ 37-ஆ என்பதில் பெரிய வித்தியாசம் வராது. 60 அங்கே நிற்காது என்பது தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்காத ஆளே இல்லை. வேகா அதிகமுள்ள ஆப்ஷன் ஐவி வீழ்ச்சியில் அதிகம் அடிபடும், அதனால் எக்ஸ்பைரி நெருங்கிய ஆப்ஷனை வாங்கினால் வேகா குறைவு, தப்பித்துவிடலாம் என்ற யோசனை. பாதி உண்மை, ஆனால் ஆபத்தான பாதி. அதே முடிவு நாளை வைத்து மூன்று எக்ஸ்பைரிகளைப் பாருங்கள். 5 நாள் ஆப்ஷனில் அந்த ஒரு நாளின் பாரம் ஐந்து நாளுக்குத்தான் பரவுகிறது, அதனால் ஐவி 124% வரை இருக்கும். 30 நாளில் 60%. 90 நாளில் 45%. முடிவு வந்து பங்கு அசையாமல் 100-லேயே நின்றால், மூன்றுமே 35%-க்கு வரும். 5 நாள் ஸ்ட்ராடில் 11.61-லிருந்து 2.92 ஆகும். 30 நாளுடையது 13.71-லிருந்து 7.87. 90 நாளுடையது 17.76-லிருந்து 13.77. வேகா மிகக் குறைவாக இருந்த ஆப்ஷன்தான் மிக மோசமாக அடிவாங்கியது. வேகாவை மட்டும் பார்த்தால் போதாது, ஐவி எத்தனை புள்ளி விழப்போகிறது என்பதோடு அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முடிவு வந்த பிறகு என்ன செய்வது? கையில் 9.48 இருக்கிறது, ஐவி திரும்ப ஏறும், கொஞ்சம் பொறுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஏற்றி வைத்திருந்த காரணமே தீர்ந்துவிட்டது, 60% திரும்பி வர அதற்கு இனி ஒரு புதிய காரணம் வேண்டும். அந்த 9.48-இல் 6 என்பது பங்கு ஏறியதால் வந்த உள்மதிப்பு, 3.48 மட்டும்தான் கால மதிப்பு. தொடர்ந்து வைத்திருப்பது, 106-இல் இருக்கும் பங்கின் மேல் புதிதாகக் கட்டும் பந்தயம். அதை இன்று புதிதாக வாங்குவீர்களா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இனி எதிர்ப்பக்கம். ஐவி திடீரென்று ஏறினால் என்ன ஆகும்? அதே பங்கு, அதே 100, ஆனால் சந்தை அமைதியாக இருக்கும் காலம், ஐவி 20%. 30 நாள் ஸ்ட்ராடில் 4.57. வேகாவைப் பாருங்கள், இங்கேயும் கிட்டத்தட்ட அதே 0.229 தான். விலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் வேகா குறையவில்லை. பங்கு விலைக்கு ஒட்டிய ஸ்ட்ரைக்கில் வேகா பெரும்பாலும் நாட்களையும் பங்கு விலையையும் பொறுத்தது, ஐவி எங்கே இருக்கிறது என்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால் ஐவி தாழ்ந்திருக்கும்போது வாங்கிய ஸ்ட்ராடிலில் ஒவ்வொரு புள்ளிக்கும் போட்ட பணத்தில் 5% மாறுகிறது. 60%-இல் வாங்கியதில் அதுவே 1.7% தான்.

இரண்டு நாள் கழித்து, எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியால் சந்தை பதறி, ஐவி 30% ஆகிறது. பங்கு மட்டும் அதே 100. ஸ்ட்ராடில் 6.63. பங்கு ஒரு அடிகூட நகராமல் 45% லாபம். இரண்டு நாள் தேய்மானமும் இதில் கழிந்துவிட்டது. நகர்வு வரும் என்று வாங்கிய பொருள், நகர்வு வரும் என்ற பயம் வந்ததற்கே காசு கொடுத்துவிட்டது.

ஆனால் எல்லா ஏற்றமும் இப்படி இல்லை. தேதி குறித்த நிகழ்வு நெருங்கும்போது ஐவி நாளுக்கு நாள் ஏறும். அதைப் பார்த்து, பத்து நாள் முன்பே ஸ்ட்ராடிலை வாங்கி, முடிவுக்கு முந்தைய நாள் விற்றால் ஐவி ஏற்றத்தில் லாபம் பார்க்கலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் முடிவுக்குப் பத்து நாள் முன்னால் அதே ஆப்ஷனுக்கு 40 நாள் இருந்தது. குலுக்கல் நாள் ஒன்று, சாதாரண நாள் 39. ஐவி சுமார் 55%, ஸ்ட்ராடில் 14.46. பத்து நாள் கழித்து ஐவி 60% ஆகிவிட்டது, ஆனால் ஸ்ட்ராடில் 13.71. ஐவி ஐந்து புள்ளி ஏறியும் விலை இறங்கியிருக்கிறது. சாதாரண நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிய, குலுக்கல் நாளின் பங்கு சராசரியில் பெரிதாகிறது, அதனால் ஐவி ஏறுவதுபோல் தெரிகிறது. புதிதாக யாரும் பயப்படவில்லை. வேகா கொடுத்ததைத் தீட்டா, அதாவது நாள் கழிவதால் வரும் தேய்மானம், அப்படியே வாங்கிக்கொண்டு, கூடவே கொஞ்சம் எடுத்துப் போய்விட்டது. வேகாவில் உண்மையாகச் சம்பாதித்துக் கொடுப்பது, நாட்காட்டியில் இல்லாத, ஒருவரும் எதிர்பாராத ஏற்றம்தான்.

அப்படி ஒரு நாளுக்கு 2018 பிப்ரவரி 5 நல்ல உதாரணம். எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று 4 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்தக் குறியீட்டின் 30 நாள் ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் விக்ஸ், ஒரே நாளில் 17.31-லிருந்து 37.32-க்குப் போனது. முந்தைய வர்த்தக நாளில் ஸ்ட்ராடில் வாங்கியிருந்தவருக்கு நகர்வும் கிடைத்தது, ஐவி ஏற்றமும் கிடைத்தது. இரண்டும் ஒரே பக்கம் தள்ளின.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பங்குக் குறியீடுகளில் விலை விழும்போது ஐவி ஏறுவதும், விலை மெல்ல ஏறும்போது ஐவி இறங்குவதும் வழக்கம். அதனால் குறியீட்டு ஸ்ட்ராடிலின் இரண்டு பக்கமும் சமம் என்று தாளில் தெரிந்தாலும் நடைமுறையில் சமமில்லை. 3% வீழ்ச்சி வந்தால் வேகா கூடவே நின்று தள்ளும். 3% ஏற்றம் நிதானமாக வந்தால், கால் ஆப்ஷன் சம்பாதிப்பதில் ஒரு பகுதியை ஐவி இறக்கம் தின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு லாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு மேல்பக்கம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

திரையில் பார்க்கும் வேகாவை நம்புவதிலும் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி மாற்றத்துக்கு அது கச்சிதமாக இருக்கும். 25 புள்ளி மாற்றத்துக்குத் தோராயம்தான், மேலே 5.70 என்று வந்தது உண்மையில் 5.22 ஆனதைப் பார்த்தோம். அப்புறம், எல்லா எக்ஸ்பைரிக்கும் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஐவி ஒரே அளவில் மாறாது. பதற்றத்தில் கிட்ட இருக்கும் எக்ஸ்பைரியின் ஐவி எகிறும், தூரத்தில் இருப்பது மெதுவாகத்தான் அசையும். 90 நாள் ஆப்ஷனுக்கு வேகா பெரிது என்று வாங்கி வைத்தவர், செய்தியில் சொல்லும் ஐவி ஏற்றம் தன் ஆப்ஷனில் அதே அளவில் வராததைக் கண்டு குழம்புவதுண்டு. இன்னொன்று, சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றிருக்கும். அந்த நேரத்தில் திரை காட்டும் ஐவி அந்த அகன்ற இடைவெளியின் நடுப்புள்ளியிலிருந்து வருவது. அந்த விலைக்கு விற்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனவே, அடுத்த ஸ்ட்ராடிலுக்கு ஆர்டர் போடும் முன் நான் ஒரு துண்டுத் தாளில் இரண்டே விலைகளை எழுதி வைத்துக்கொள்வேன். பங்கு அசையாமல், ஐவி மட்டும் வழக்கமான இடத்துக்கு வந்தால் ஸ்ட்ராடில் எவ்வளவு இருக்கும் என்பது ஒன்று. நம் உதாரணத்தில் அது 7.87. அந்தத் தாழ்ந்த ஐவியிலும் போட்ட பணம் திரும்ப வர, பங்கு எந்த விலைக்குப் போக வேண்டும் என்பது மற்றொன்று. இங்கே 112.5 அல்லது 87. எந்த ஆப்ஷன் கால்குலேட்டரிலும் ஐவி கட்டத்தில் 60-க்குப் பதில் 35 என்றும், நாட்கள் கட்டத்தில் 30-க்குப் பதில் 29 என்றும் போட்டாலே இந்த எண்கள் வந்துவிடும். அந்தப் பங்கு கடந்த சில காலாண்டு முடிவுகளில் ஒரு தடவையாவது அவ்வளவு தூரம் போயிருக்கிறதா என்று பார்க்கிறேன். போனதே இல்லையென்றால் அந்த ஸ்ட்ராடிலை நான் வாங்குவதில்லை.